வீட்டிலேயே முறுக்கு செய்து பாக்கெட் போட்டு கடைகளுக்குக் கொடுக்கிறோம். உணவுப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் வாங்கியாச்சு. எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு வேறு தனியாக எடுக்க வேண்டுமா?

எடுத்தே ஆக வேண்டும். பயிற்சிச் சான்றிதழ் உங்கள் பெயருக்கு, நீங்கள் சுத்தமாக வேலை செய்யக் கற்றதற்கு. வேலையாட்களுக்கு எடுக்கும் மருத்துவச் சான்றும் அந்த வகைதான். பதிவு என்பது எந்த இடத்தில், என்ன பொருளை, என்ன தொழிலாகச் செய்கிறீர்கள் என்பதற்கு. பாக்கெட்டில் அச்சடிக்க வேண்டிய 14 இலக்க எண் இந்தப் பதிவில்தான் கிடைக்கும்.

நீங்களும் என்னைப் போல அடுப்படியில் ஆரம்பித்தவர் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். 2021-இல் நான் பதிவு எடுத்தபோது ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் இருந்தால் அடிப்படைப் பதிவு போதும், கட்டணம் வருடத்துக்கு 100 ரூபாய். (இப்போதைய வரம்பையும் கட்டணத்தையும் foscos.fssai.gov.in தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.) புகைப்படம், அடையாள அட்டை, இடத்துக்கான சான்று, இவ்வளவுதான் கேட்டார்கள். அந்த 100 ரூபாய் வேலையை ஒரு ஏஜென்டிடம் 3,500 ரூபாய் கொடுத்துச் செய்தேன். அவர் "வீட்டில்தானே செய்றீங்க" என்று சொல்லி, தொழில் வகையில் ஹோம் பேஸ்டு கேன்டீன் என்று போட்டுவிட்டார். சான்றிதழ் கைக்கு வந்த சந்தோஷத்தில் நானும் அதைப் படிக்கவில்லை.

மூன்று மாதம் கழித்து ஒரு பெரிய கடையில் 200 பாக்கெட் கேட்டார்கள். சான்றிதழ் நகலை வாங்கிப் பார்த்த மேனேஜர், "இது சமைச்சுப் பரிமாறுறவங்களுக்கு உள்ளதுங்க, பாக்கெட் பொருளுக்கு உற்பத்தியாளர்னு இருக்கணும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் சொன்னது சரி. சாப்பாடு கட்டிக் கொடுப்பது உணவுச் சேவை. முறுக்கு சுட்டு, பாக்கெட் போட்டு, இன்னொருவர் கடையில் விற்கக் கொடுப்பது உற்பத்தி, அது சொந்த வீட்டு அடுப்பிலேயே நடந்தாலும். பழைய பதிவை ஒப்படைத்துவிட்டு, உற்பத்தி என்ற பிரிவில், உடனே உண்ணும் கார வகை என்ற பொருளைத் தேர்ந்தெடுத்து நானே புதிதாக விண்ணப்பித்தேன். ஏஜென்ட் எல்லாரும் மோசம் என்று சொல்லவில்லை. சமர்ப்பிக்கும் முன் அந்த ஒரு வரியை உங்கள் கண்ணால் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

அடுத்து லேபிள். அரிசி மாவு, உளுந்து மாவு, வெண்ணெய், எள், பெருங்காயம், உப்பு, எண்ணெய் என்று எழுதி, ஒவ்வாமை வரியில் பாலும் எள்ளும் மட்டும் போட்டிருந்தேன். என் அண்ணிக்குக் கோதுமை ஆகாது. அவர்தான் பெருங்காய டப்பாவைத் திருப்பிக் காட்டினார். கடையில் நாம் வாங்குவது கூட்டுப் பெருங்காயம், அதில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். கோதுமையே தொடாத முறுக்கு என்று நான் நம்பியிருந்த பாக்கெட்டில் கோதுமை இருந்திருக்கிறது. சிட்டிகைதானே என்று சிலர் சொல்வீர்கள். ஒவ்வாமை உள்ளவருக்குச் சிட்டிகையும் கணக்குதான், லேபிளிலும் அதைச் சொல்லியாக வேண்டும். அச்சடித்த 1,000 கவரைத் தூக்கிப் போட்டேன். நீங்கள் வாங்கும் ஒவ்வொரு மசாலா டப்பாவின் பின்பக்கத்தையும் படித்த பிறகு கவர் அச்சுக்குக் கொடுங்கள்.

இன்னொன்று, பதிவு எண் இருப்பதாலேயே உங்கள் முறுக்கு தரமானது என்று அரசு சொன்னதாக ஆகாது. யாரும் அதைச் சோதித்துப் பார்த்துவிட்டு எண் கொடுப்பதில்லை. தர வரம்புகள் தனியாக இருக்கின்றன. உதாரணமாக, எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது அது சிதைந்து உண்டாகும் மொத்தத் துருவச் சேர்மங்கள், பொரிக்கும் எண்ணெயில் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதை அளக்கக் கருவி உண்டு, ஆனால் அது இல்லாமலும் எண்ணெய் கருத்து, பாகு மாதிரி கெட்டியாகி, மாவு போட்டதும் நுரை அடங்காமல் நின்றால் அந்த எண்ணெயை விட்டுவிடலாம். எத்தனை நாளைக்குள் சாப்பிட வேண்டும் என்று பாக்கெட்டில் குறிக்க, ஒரே நாளில் போட்ட பாக்கெட்டுகளை அலமாரியில் வைத்து வாரம் ஒன்றாகப் பிரித்துப் பார்த்தேன். ஆறாவது வாரம் பிரித்ததில் லேசாகக் காறல் வாடை வந்தது. மற்றவர்கள் மூன்று மாதம் போடுகிறார்களே என்று பார்க்காமல் 30 நாள் என்று போட்டேன்.

இந்த 30 நாளுக்காகக் கடைக்காரர்களிடம் படும் பாடு தனி. பணம் 45 நாள் கழித்துத் தருவார்கள், நாள் முடிந்த பாக்கெட்டை மட்டும் மறுநாளே திருப்பி அனுப்புவார்கள், அவர்கள் மூட்டைக்கு அடியில் போட்டு நொறுக்கியதும் நம் கணக்கில்தான். கேட்டதற்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனால் இதைச் சொல்ல எனக்கு வேறு இடம் இல்லை.

பதிவு கிடைக்க எவ்வளவு நாள் ஆகும் என்பதற்கு வருகிறேன். விண்ணப்பித்த ஏழு நாளுக்குள் பதிவு தர வேண்டும், அல்லது காரணம் சொல்லி மறுக்க வேண்டும், இல்லையென்றால் ஆய்வுக்கு வருவதாக அறிவிப்பு தர வேண்டும். எனக்கு ஆய்வு வந்தது. அந்த அலுவலர் முதலில் கேட்டது தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று, அடுத்து மாவு மூட்டை தரையில் படாமல் பலகை மேல் இருக்கிறதா என்று. பயிற்சிச் சான்றிதழை எடுத்து நீட்டினேன், பார்த்துவிட்டு "நல்லது, வச்சுக்கோங்க" என்று சொல்லி எண்ணெய்ச் சட்டி பக்கம் போய்விட்டார்.