மூன்று போன், ஒரு அரங்கேற்றம்: தில்லானாவில் தாளம் விலகுகிறது

“மகளின் அரங்கேற்றத்தை மூன்று போன்களில் எடுத்தோம். புஷ்பாஞ்சலியில் பொருந்தும் காட்சிகள், தில்லானாவில் ஒலியோடு ஒட்டவில்லை. ஏன்?”

பெரும்பாலும் பிரேம் வேகம்தான் காரணம். வெளிச்சம் குறைந்தால் போன் பிரேம் வேகத்தை மாற்றிக்கொள்ளும். சில எடிட்டிங் மென்பொருள்கள் அதைச் சீரானதாக எண்ணிக் கணக்கிடுகின்றன. எடிட் செய்வதற்கு முன்பே ஒவ்வொரு கோப்பையும் ffmpeg என்ற இலவச மென்பொருளால் வினாடிக்குச் சீராக 30 பிரேம் வரும்படி மாற்றிவிடுங்கள்:

```
ffmpeg -i a.mp4 -vf fps=30 -c:v libx264 -crf 18 -c:a copy a30.mp4
```

பிறகு, மேடைக்கு அருகிலிருந்த போனின் ஒலியை மட்டும் முழு நிகழ்ச்சிக்கும் வைத்துக்கொள்ளுங்கள். கோணத்தோடு ஒலியும் மாறினால் காது உடனே கண்டுபிடித்துவிடும்.

மற்றக் காட்சிகளை ஒலியலையைப் பார்த்துப் பொருத்தினால் ஒரு சிக்கல் உண்டு. பின்வரிசை 23 மீட்டர் தள்ளி இருந்தால் நட்டுவாங்கத் தாளம் அங்கே ஏறத்தாழ 2 பிரேம் தாமதமாகவே சேரும். ஆகவே தோராயமாக ஒலியால் பொருத்திவிட்டு, பாதம் தரையைத் தட்டும் பிரேமைக் கண்ணால் பார்த்துச் சரிசெய்யுங்கள்.

அதன் பின்னும் கடைசியில் ஓரிரு பிரேம் விலகினால், அது போன்களின் கடிகார வேறுபாடு. வேகத்தை மாற்ற வேண்டாம். ஒவ்வொரு உருப்படியின் தொடக்கத்திலும் வெட்டி, மீண்டும் பொருத்தினால் போதும். இடையில் கைதட்டல் இருப்பதால் வெட்டு தெரியாது.