பெயரை மறைத்தாலும் தெரிகிறதா?

"ஹட்டனில் சிறிய தேயிலைத்தூள் வியாபாரம். எங்கள் தூள் எப்படி வேறானது என்று சொல்வதா, பக்கெட்டை அடையாளம் தெரியும்படி செய்வதா?"

முதலில் பக்கெட்டைப் பாருங்கள். 'உயர்நிலத் தேயிலை' என்று நம் பக்கம் எல்லாரும்தான் எழுதுகிறார்கள். அவசரத்தில் வாங்குபவர் அதை வாசிப்பதில்லை, தெரிந்த பக்கெட்டை எடுக்கிறார்.

தேயிலைச் சபையின் சிங்க இலச்சினை இதற்கு உதவாது. பல நிறுவனங்களும் போடுவதால் அது இலங்கைத் தேயிலையைக் காட்டும், உங்களைக் காட்டாது.

சரி, சோதித்துப் பாருங்கள். பெயரை மறைத்து, நிறத்தையும் படத்தையும் மட்டும் தூள் வாங்கும் 100 பேரிடம் காட்டுங்கள். 30 பேர் உங்களையும் 50 பேர் வேறொருவரையும் சொன்னால், உங்கள் செலவில் அவருக்கு விளம்பரம், நிறத்தை மாற்றுங்கள். 30 பேர் உங்களைச் சொல்லி, மற்றவர்கள் யாரையும் சொல்லாவிட்டால் நிறம் நல்லதுதான், இன்னும் பரவவில்லை. அலுத்துப்போய் மாற்றிவிடாதீர்கள்.