வெயிட் தூக்குறவங்க எந்த கார்டியோ மெஷின்ல ஏறலாம்? கேள்வி பதில்

யீஷூன் தம்பி: அண்ணே, ஆக்டிவ்எஸ்ஜி ஜிம்ல டிரெட்மில் இன்க்ளைன் 15, ஸ்பீடு 5 போட்டு அரை மணி நேரம் நடக்குறேன். முன்னாடி கம்பிய புடிக்காம முடியல, பரவாயில்லையா?

கம்பிய விடுங்க தம்பி. அதைப் புடிச்சு பின்னால சாஞ்சா உடம்பு பெல்ட்டோட சரிவுக்கு ஏத்த மாதிரி சாஞ்சுக்கும், மேடு ஏறுற வேலைய காலு பாதி செய்யும் கை பாதி செய்யும், ஆனா மெஷினுக்கு அது தெரியாது, ஸ்பீடு இன்க்ளைன் வச்சே கலோரி காட்டிட்டு இருக்கும். கைய வீசிட்டு 5 ஸ்பீடுல 10 இன்க்ளைன் நடந்தாலே, சமதளத்துல நடக்குறத விட ரெண்டு மடங்குக்கு மேல ஆக்சிஜன் இழுக்கும். அதனால 6ல ஆரம்பிங்க. பேச்சு வரணும், பாட்டு பாட வரக்கூடாது, அந்த அளவு போதும். வாரத்துக்கு ஒண்ணு ஏத்துங்க. காலைல எந்திரிச்சு முதல் அடி வைக்கும்போது குதிகாலுக்கு மேல இறுக்கமா இருந்தா ஏத்தாதீங்க, இன்க்ளைன் கெண்டைக்காலைத்தான் முதல்ல பதம் பாக்கும்.

புங்கோல் ரோயிங்: நாளைக்கு டெட்லிஃப்ட், இன்னைக்கு ரோயிங் பண்ணலாமா? டேம்பர் 10ல வச்சாதானே ஹெவி?

10ல வச்சா ஒவ்வொரு இழுப்பும் கனமாகும், அது வேற, மூச்சுக்குப் பயிற்சி வேற. 3லேர்ந்து 5க்குள்ள வைங்க, நிமிஷத்துக்கு 20 இழுப்பு போல. முதல்ல காலால தள்ளுங்க, அப்புறம் முதுகு சாயட்டும், கடைசியா கை. களைப்பு வந்ததும் பலரும் முதுகு கூனி முன்னால போயிடுவாங்க, அப்படியே நேரம் போனா கீழ்முதுகு சோர்ந்துடும், மறுநாள் பார் தரையிலேர்ந்து கிளம்பும்போதே தெரியும். டெட்லிஃப்டுக்கு முதல் நாள் சைக்கிள் எடுங்க, ரோயிங்கை டெட்லிஃப்ட் முடிஞ்சு ரெண்டு நாள் கழிச்சு வைங்க.

பிடோக் ராஜா: சைக்கிள் ஓட்டினா கால் சதை கரைஞ்சிடும்னு ஃபிரெண்டு சொன்னான்.

லேசா அரை மணி ஓட்டினா கரையாது. ஸ்குவாட் அன்னைக்கு அதுக்கு முன்னாடியே மூச்சு வாங்க ஓட்டினா ஸ்குவாட்தான் குறையும்.

யீஷூன் தம்பி: ஆனா அண்ணே, கம்பி புடிச்சாலும் வாட்ச்ல ஹார்ட் ரேட் 140 காட்டுதே, அப்போ வேலை நடக்குதுதானே?

நடக்குது, இல்லைங்கல. கம்பிய விட்டா அதே 140 எந்த இன்க்ளைன்ல வருதுன்னு பாருங்க, கீழதான் வரும்.

தெம்பனிஸ் அக்கா: எனக்கு 62 வயசு, கம்பிய விட்டா தலை சுத்துற மாதிரி இருக்கு. எங்களையுமா விடச் சொல்றீங்க?

உங்களைச் சொல்லலக்கா. நீங்க லேசா தொட்டுக்கிட்டு இன்க்ளைனை 2, 3ல வச்சு நடங்க, தலை சுத்துறதை பாலிகிளினிக்ல காட்டிடுங்க.

பூன் லே: கம்பி புடிச்சா எத்தனை கலோரி கழிக்கணும்?

மேல தம்பிக்குச் சொன்னதைப் படிங்க. நம்பர் கேக்காதீங்க, கம்பிய விடுங்க.

பிடோக் ராஜா: ஸ்குவாட் முடிச்ச மறுநாள் இன்க்ளைனை விட சைக்கிள்தான் நல்லதுன்னு சொல்றாங்களே?

நான் சைக்கிள் பக்கம்தான், அதுல கால் சதை சுருங்குறதுதான் அதிகம், பாரத்தோட நீளுறது கம்மி, வலி அவ்வளவா வராது. ஆனா மேடு ஏறுறதும் கிட்டத்தட்ட அதே மாதிரிதான்னு எங்க ஜிம்லயே ஒருத்தர் வாதாடுறாரு, அவர் சொல்றதும் தப்பு இல்ல. ரெண்டையும் ஒரு வாரம் மாத்திப் பாத்து, அடுத்த ஸ்குவாட் எதுல நல்லா போச்சுன்னு எழுதி வைங்க.