வர்ணத்தின் நடுவில் மறந்துபோகும் பிள்ளை

கேள்வி: பரதம் பழகும் மகளுக்கு 15 வயது. வீட்டில் வர்ணத்தைப் பிழையில்லாமல் ஆடுவாள். போன மேடையில் இரண்டாவது ஜதியில் எல்லாம் மறந்து நின்றுவிட்டாள். அடுத்த மாதம் திரும்பவும் நிகழ்ச்சி. நடுக்கத்துக்கு ஒரு மாத்திரை இருக்கிறதாமே, கொடுக்கலாமா? – ஒரு தாய், ஹட்டன்

மாத்திரையைப் பிறகு பார்ப்போம் அம்மா. ஃபோனில் பாட்டைப் போட்டு, தினமும் முதலிலிருந்துதானே ஆடுகிறாள்? அப்படிப் பழகினால் ஒரு அடவுதான் அடுத்ததை இழுத்து வரும். பதற்றத்தில் ஒன்று விட்டுப்போனால், நடுவில் நுழைய வழியே இருக்காது.

என்னிடம் பழகிய ஒரு பிள்ளையும் இதே இடத்தில்தான் நின்றாள். தேடிப் பார்த்தால், முதல் ஜதியும் இரண்டாவதும் ஒரே சொல்லில் தொடங்கின. கால் முதல் ஜதிக்குப் போக, பாட்டு இரண்டாவதில் இருந்தது.

ஒவ்வொரு ஜதி, அதன்பின் வரும் சாகித்திய வரி, முத்தாயி ஸ்வரம், சரணம் என்று எட்டுப் பத்துத் துண்டுகளில் எழுதி ஒரு டின்னில் போட்டோம். குலுக்கி ஒன்றை எடுப்பாள். பாட்டு இல்லாமல், அந்த இடத்துச் சொல்லை வாயால் சொல்லி அங்கிருந்தே ஆடுவாள். உட்கார்ந்து தாளம் போட்டு அந்தச் சொல்லைச் சொல்ல முடியாவிட்டால் அது காலுக்கு மட்டும்தான் தெரியும் என்று அர்த்தம். மேடையில் அதுதான் முதலில் கைவிடும். மூன்றாவது வாரம், ஆடும்போது நானே திடீரென்று கதவை அறைந்தேன். தவறினால் நிற்கக்கூடாது, நாக்கைக் கடிக்கக்கூடாது. அரைமண்டியில் தட்டடவு போட்டுக்கொண்டே அடுத்த சமத்தில் சேர வேண்டும். ஆதி தாளத்தில் கூடிப்போனால் எட்டு அட்சரம்தான், சபைக்குத் தெரியாது.

இனி மாத்திரை. மேக்கப் போட வருகிறவர் தன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். சலங்கையை வாடகைக்குக் கொடுக்கிறவரெல்லாம் டொக்டர் ஆகிவிட்டார்! புரொப்ரனோலோல் என்ற அது இதயத் துடிப்பைக் குறைக்கும், கைநடுக்கமும் அடங்கும். மறந்த ஜதி அதனால் திரும்பி வராது. வர்ணம் ஆட இதயம் வேகமாகத்தான் அடிக்க வேண்டும். அதைக் கட்டிவைத்தால் பிள்ளை பாதியில் களைத்துவிடும். வீசிங் உள்ள பிள்ளைக்கு மூச்சே அடைத்துவிடலாம். சின்ன வயதில் இருந்தது, இப்போது இல்லை என்பீர்கள். குளிர்காலத்தில் இரவில் இருமுவாளா? ஓடினால் நெஞ்சு விசிலடிக்குமா? பழைய பம்ப் இன்னும் அலுமாரியில் கிடக்கிறதா? ஒன்றுக்காவது ஆம் என்றால் அந்தப் பேச்சையே விடுங்கள். இல்லையென்றாலும் டொக்டர் பார்த்து எழுதாமல் பாமசியில் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

நிகழ்ச்சியன்று குளிரில் விறைக்கும் கையையும் எல்லாரும் பயம் என்பார்கள். நாலு மணி நிகழ்ச்சி ஆறரைக்குத் தொடங்கும். பிரதம விருந்தினர் பேச, சிறப்பு விருந்தினர் பேச, பொன்னாடை போர்த்த, பிள்ளைகள் மெல்லிய உடுப்போடு மலைக்குளிரில் மேடைக்குப் பின்னால் நிற்பார்கள். எத்தனை முறை சொல்லியும் கேட்கிற அமைப்பாளர் இல்லை. உடுப்புக்கு மேல் சுவெட்டர் போட்டு, காலுக்குச் சொக்ஸ் போட்டு வையுங்கள். கடைசிப் பேச்சாளர் மைக்கைப் பிடித்ததும் சொக்ஸைக் கழற்றிவிட்டு, தட்டடவை மூன்று காலத்திலும் ஒருமுறை போடட்டும்.