டி.சி.யை மொழிபெயர்க்கக் கொடுக்கும் முன் பெயரைப் பாருங்கள்

வெளிநாட்டுப் பள்ளியில் சேர்ப்பதற்காகப் பிள்ளையின் மாற்றுச் சான்றிதழைக் கையில் வாங்கியதும் நேரே மொழிபெயர்ப்பாளரிடம் ஓடாதீர்கள். முதலில் பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்து, பெயரையும் பிறந்த தேதியையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

டி.சி.யில் 'ச. கவின்' என்று இருக்கிறது, பாஸ்போர்ட்டில் பெயர் கவின், குடும்பப் பெயர் சக்திவேல் என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த 'ச' அப்பா பெயரின் முதலெழுத்து என்பது நமக்குத் தெரியும், அங்கே சேர்க்கைப் பிரிவில் உட்கார்ந்திருப்பவருக்கு அது இரண்டு வேறு பிள்ளைகள். இதைப் பார்த்துப் பெற்றோர் பலர் 'அப்படியே முழுப் பெயராகப் போட்டுவிடுங்கள்' என்று மொழிபெயர்ப்பாளரிடம் கேட்கிறார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். மூலத்தில் இல்லாததைச் சேர்த்தால் அது சரியான மொழிபெயர்ப்பு இல்லை, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால் மொத்தத் தாளின் மீதும் சந்தேகம் வரும். பெயரைத் திருத்த வேண்டிய இடம் பள்ளிதான், அதுவும் டி.சி. எழுதுவதற்கு முன்பே. அந்தக் கட்டம் தாண்டிவிட்டதென்றால், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று ஓர் உறுதிமொழிப் பத்திரம் தயார் செய்து கூடவே வையுங்கள். அதை ஏற்பார்களா என்று வெளிநாட்டுப் பள்ளியிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

அடுத்தது தேதி. 03/07/2012 என்பதை அமெரிக்காவில் மார்ச் 7 என்று படிப்பார்கள். அதனால் மொழிபெயர்ப்பில் மாதத்தை எழுத்தால் எழுதச் சொல்லுங்கள்.

வகுப்பும் அப்படித்தான், 'எட்டாம் வகுப்பு தேர்ச்சி' என்றால் எட்டு என்றுதான் வரவேண்டும். இங்கிலாந்தில் ஏறக்குறைய அதே வயதுப் பிள்ளைகள் படிப்பது 'இயர் 9', அதற்காக மொழிபெயர்ப்பாளரே ஒன்பது என்று மாற்றிப் போட்டுவிட்டால் பிள்ளை ஒரு வகுப்பு கூடுதலாகப் படித்ததாக ஆகிவிடும். எது எதற்குச் சமம் என்று முடிவு செய்வது அங்குள்ள பள்ளியின் வேலை. முத்திரை, கையெழுத்து இருக்கும் இடம், ஓரத்தில் பேனாவால் எழுதிய குறிப்பு எல்லாமே மொழிபெயர்ப்பில் வரவேண்டும், முத்திரை மங்கியிருந்தால் 'படிக்க இயலவில்லை' என்று அந்த இடத்தில் குறிக்க வேண்டும், ஊகித்து நிரப்பக் கூடாது.

அப்போஸ்டில், அதாவது ஆவணம் வெளிநாட்டில் செல்லுபடியாக அரசு தரும் சான்று முத்திரை, கேட்கும் நாடு என்றால் அதை முதலில் மூலத்தில் வாங்கிவிட்டு அப்புறம் மொழிபெயர்ப்பது நல்லது, அப்போதுதான் அந்த முத்திரையும் மொழிபெயர்ப்பில் சேரும். கடைசிப் பக்கத்தில் 'முழுமையானது, பிழையற்றது' என்ற உறுதிமொழியோடு மொழிபெயர்ப்பாளரின் பெயர், கையெழுத்து, தேதி, தொடர்பு விவரம் இருக்கிறதா பாருங்கள். ஜெர்மனி போன்ற நாடுகளில் நீதிமன்றத்தில் உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளரையே கேட்பதுண்டு, அதனால் பணம் கட்டும் முன் விசாரியுங்கள்.

சேர்க்கைப் படிவம் வேறு கதை. அதன் மொழிபெயர்ப்பு நீங்கள் படித்துப் புரிந்துகொள்ள மட்டும், நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டியது அவர்கள் கொடுத்த மூலப் படிவத்தில்தான். அதில் பெயர்க் கட்டங்களை டி.சி.யைப் பார்த்து நிரப்பாதீர்கள், பாஸ்போர்ட்டைப் பார்த்து நிரப்புங்கள்.