தேதி தாண்டிய நோட்டும் ஒரு சைபரும்

அன்புள்ள சார்,

தண்டையார்பேட்டையில் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். ஒரு மாணவியின் அம்மா காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்து விற்பவர். அந்தப் பெண் நன்றாகப் படிப்பாள். இருபது மார்க் ஒப்படைப்புகளில் 16, 15, 17, 16 எடுத்தவள். ஒன்றை மட்டும் இரண்டு நாள் தாமதமாகக் கொண்டுவந்தாள். எங்கள் விதிப்படி சைபர் போட்டேன். அதற்குப் பிறகு எந்த நோட்டும் தருவதில்லை. சைபர் போடாவிட்டால் பிள்ளைகளுக்குப் பொறுப்பு எப்படி வரும்? மறுதேர்வு வைத்தால் முதலிலேயே ஒழுங்காகப் படித்தவர்களுக்கு அது அநியாயம் இல்லையா?

ஆர்., தண்டையார்பேட்டை

அன்புள்ள ஆர்.,

முதலில் அந்த சைபர் என்ன செய்திருக்கிறது என்று பாருங்கள். நான்கு ஒப்படைப்புகளில் அவளுக்கு 80க்கு 64, அதாவது எண்பது சதவீதம். ஐந்தாவதாக சைபர் சேர்ந்ததும் 100க்கு 64. பழைய எண்பதைத் தொட வேண்டுமானால் அடுத்த நான்கு ஒப்படைப்புகளிலும் அவள் இருபதுக்கு இருபது வாங்க வேண்டும். வழக்கமாகப் பதினாறு எடுக்கிற பிள்ளைக்கு இது நடக்காத காரியம். கணக்குத் தெரிந்த பெண், மனத்துக்குள் இதைப் போட்டுப் பார்த்திருப்பாள். நோட்டு வராமல் போனதற்கு எனக்குத் தோன்றும் காரணம் இதுதான்.

அந்த 64 அவள் பெற்றோருக்கு என்ன சொல்கிறது? கணக்கில் சுமார் என்று சொல்கிறது. அவள் கணக்கில் சுமார் இல்லை, ஒரு முறை தாமதம், அவ்வளவுதான். இரண்டு வேறு செய்திகளை ஒரே எண்ணில் கலந்தால் இரண்டுமே கெட்டுப்போகும். தினம் இரண்டு மார்க் குறைக்கும் வழக்கத்திலும் இதே சிக்கல் உண்டு. பத்தாம் நாள் குறைக்க எதுவும் மிஞ்சாது, பிறகு எதற்கு எழுத வேண்டும் என்றாகிவிடும். பொறுப்பு என்றால் அந்த வேலையை முடிப்பது. சைபரோ அந்த வேலையிலிருந்து விடுதலை கொடுத்துவிடுகிறது.

எழுதாததற்கு இனாமாக ஐம்பது போடும் முறை சில அமெரிக்கப் பள்ளிகளில் இருக்கிறது. அங்கே பல இடங்களில் அறுபதுக்குக் கீழே தோல்வி என்பதால் சைபர் இன்னும் ஆழமான பள்ளம். இருந்தாலும் செய்யாத வேலைக்கு மார்க் தருவதில் எனக்கு உடன்பாடில்லை. நான் ஆசிரியராக இருந்தபோது பதிவேட்டில் சைபருக்குப் பதில் 'நிலுவை' என்று எழுதுவேன். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடுக்கு அப்புறம் உட்கார்ந்து முடித்துவிட்டுத்தான் போக வேண்டும். தாமதம் தனிப் பத்தியில் ஏறும், பெற்றோருக்கும் போகும். நோட்டுகளைத் திருத்தித் திருப்பிக் கொடுத்துவிட்டால் விடை எல்லோர் கையிலும் இருக்கும், அதனால் அதன் பிறகு வருபவர்களுக்கு வேறு எண்களில் கணக்கு. பருவத் தேர்வுக்கு ஒரு வாரம் முன்பு நிலுவைக் கதவை மூடிவிடுவேன். அப்போதும் தராதவர்களுக்கு சைபர்தான், அதில் எனக்குத் தயக்கம் இருந்ததில்லை.

அந்தத் தாமதப் பத்தியை ஒருநாள் வரிசையாகப் பார்த்தபோதுதான் ஒன்று உறைத்தது. மீன் விற்கும் வீட்டுப் பிள்ளைகளின் தாமதம் பெரும்பாலும் திங்கட்கிழமைகளில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டில் கூட்டம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விடியும் முன்பே ஏலம், பிறகு பகல் முழுக்க வியாபாரம். கடைசித் தேதியைப் புதன்கிழமைக்கு மாற்றினேன், பாதித் தாமதம் தானாகவே நின்றது. சைபர் போட்டுக்கொண்டே இருந்திருந்தால் இது என் கண்ணில் பட்டிருக்காது.

மறுதேர்வு அநியாயமாவது அது இலவசமாகக் கிடைக்கும்போதுதான். சமன்பாட்டுப் பாடத்தில் ஒருவன் இருபதுக்கு ஆறு எடுத்தான் என்று வைத்துக்கொள்வோம். தப்பான ஒவ்வொரு கணக்கையும் திரும்பப் போட்டு, பக்கத்தில் எங்கே தப்பினான் என்று ஒரு வரி எழுத வேண்டும்: 'பக்கம் மாற்றும்போது குறியை மாற்றவில்லை' என்பது மாதிரி. அந்தத் தாளைக் கொடுத்தால்தான் மறுதேர்வு, ஒரு வாரத்துக்குள், ஒரே ஒரு முறை, வேறு வினாத்தாளில். இவ்வளவு உழைப்பு இருக்கும்போது முதலிலேயே படித்தவன் ஏமாந்ததாக நினைக்க மாட்டான்.

இரண்டாம் முறை பதினெட்டு எடுத்தால் பதினெட்டே போடுங்கள். சராசரி பார்த்துப் பன்னிரண்டு போட்டால், நேற்று தெரியாமல் இருந்ததற்கு இன்று அபராதம் வாங்குவதாகும். பத்தாம் வகுப்புத் துணைத்தேர்விலும் பழைய தோல்வி மார்க்கைச் சேர்த்துச் சராசரி எடுப்பதில்லையே. ஒன்றை மட்டும் கவனியுங்கள். வகுப்பு முழுக்க முதல் தேர்வு மார்க் இறங்கிக்கொண்டே போனால், பிள்ளைகள் அதை ஒத்திகையாக எடுத்துக்கொள்கிறார்கள் என்று அர்த்தம். அப்போது திருத்தத் தாளை இன்னும் கண்டிப்பாகப் பாருங்கள்.

சரி, இந்தப் பெண்ணுக்கு வருவோம். அவள் இரண்டு நாள் கழித்துக் கொண்டுவந்த நோட்டை நீங்கள் திருத்தினீர்களா என்று கடிதத்தில் இல்லை. திருத்தவில்லை என்றால் நாளைக்கே அதைக் கேட்டு வாங்குங்கள். அவள் எதிரில் திருத்தி, என்ன மார்க் வருகிறதோ அதை சைபர் மேல் எழுதுங்கள். தாமதத்தைப் பக்கத்தில் தனியாகக் குறியுங்கள். அதற்குப் பிறகு தராமல் விட்ட நோட்டுகளை வெள்ளிக்கிழமை கேளுங்கள்.