கேட்டது ஃபார்முலா, ஆக வேண்டிய வேலை வேறு

கேள்வி: சிஎஸ்வி கோப்பை எக்செலில் திறந்தால் வாடிக்கையாளர் எண்களின் முன்னால் இருக்கும் பூஜ்யங்கள் போய்விடுகின்றன. இன்னொரு பட்டியலோடு VLOOKUP போட்டால் எல்லாமே #N/A. பூஜ்யங்களைத் திரும்பச் சேர்க்க ஒரு ஃபார்முலாதான் கேட்டேன். எல்லோரும் "உங்களுக்கு உண்மையில் என்ன வேலை ஆகணும்?" என்று திருப்பிக் கேட்கிறார்கள். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னால் என்ன?

பதில்:

சரி, முதலில் கேட்டதையே தந்துவிடுகிறேன். எண் A2-வில் இருக்கிறது, எல்லா எண்களும் ஐந்து இலக்கம் என்று வைத்துக்கொண்டால் இது போதும்:

```
=TEXT(A2,"00000")
```

734 என்று இருப்பது 00734 ஆகிவிடும், VLOOKUP-பும் வேலை செய்யத் தொடங்கும். ஆனால் "எல்லா எண்களும் ஐந்து இலக்கம்" என்று போகிற போக்கில் சொன்னேனே, உங்களைத் திருப்பிக் கேட்பவர்கள் கவலைப்படுவது அதைப் பற்றித்தான். உங்கள் பட்டியலில் 0734 என்று ஒருவரும் 00734 என்று இன்னொருவரும் இருந்தால் என்ன ஆகும்? திறந்த உடனே இரண்டுமே 734 ஆகிவிடும். அதன்பின் எந்த ஃபார்முலாவாலும் அவர்களைப் பிரித்தறிய முடியாது. 734-க்கு முன்னால் எத்தனை பூஜ்யம் இருந்தது என்ற தகவல் அந்தக் கட்டத்தில் எங்குமே இல்லை. ஃபார்முலா எதையும் மீட்பதில்லை, ஊகித்து நிரப்புகிறது. ஊகம் தப்பினால் #N/A-கூட வராது. ஒருவருடைய விவரம் இன்னொருவருடைய வரிசையில் அமைதியாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். என்னைக் கேட்டால் அதைவிட #N/A எவ்வளவோ மேல்.

பூஜ்யமாவது ஊகிக்கக் கூடியது. அதே கோப்பில் 16 இலக்க எண் ஒன்று இருந்தால் நிலைமை இன்னும் மோசம். எக்செல் ஒரு எண்ணில் 15 இலக்கங்களைத்தான் வைத்துக்கொள்ளும். 4506781234567893 என்று கோப்பில் இருந்தால் திரையில் 4.50678E+15 என்று தெரியும். "இது வெறும் தோற்றம்தான்" என்று நினைத்து கட்டத்தின் வடிவத்தை மாற்றிப் பார்ப்பீர்கள். அப்போது 4506781234567890 என்று வரும். கடைசி 3 போயே போய்விட்டது. 3E5 என்ற குறியீடு 300000 ஆகும், 1-2 என்பது தேதியாகும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஃபார்முலா கேட்டுக்கொண்டே போகலாம், பாதிக்கு மேல் பதிலே கிடையாது.

இதைக் கணினி வட்டாரத்தில் எக்ஸ்-ஒய் சிக்கல் என்பார்கள். ஆக வேண்டிய வேலை எக்ஸ். அதற்கு ஒருவர் மனதுக்குள் ஒரு வழி போட்டு, அந்த வழியில் ஒரு படியில் மாட்டிக்கொள்கிறார், அது ஒய். வெளியே வந்து கேட்கும்போது ஒய் மட்டும்தான் வாயில் வருகிறது. உங்கள் விஷயத்தில் ஒய், பூஜ்யம் சேர்ப்பது. எக்ஸ், இரண்டு பட்டியல்களையும் ஒப்பிட்டு யார் எதில் இருக்கிறார்கள் என்று பார்ப்பது. இடையில் "சிஎஸ்வியை இரட்டைச் சொடுக்கில் திறப்பது" என்று ஒரு படி இருக்கிறதே, கேடு நடந்தது அங்கே. அதை நீங்கள் ஒரு படியாகவே எண்ணியிருக்க மாட்டீர்கள். கோப்பு என்றால் திறக்கத்தானே செய்வோம்! அதனால்தான் அது கேள்வியில் ஒரு துணைவாக்கியமாக ஒதுங்கிவிட்டது.

எனவே முதலில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: பூஜ்யம் எங்கே தொலைந்தது? கோப்பை எக்செலில் திறக்காமல் நோட்பேடில் திறந்து பாருங்கள். அங்கே 00734 என்று இருந்தால் கோப்பு நன்றாகத்தான் இருக்கிறது, எக்செல் திறக்கும்போது எண்ணாக மாற்றிவிடுகிறது. நோட்பேடிலும் 734 என்றே இருந்தால் உங்களுக்கு அனுப்பியவர் பக்கத்திலேயே தொலைந்துவிட்டது. அவர் எக்செலில் திறந்து, அப்படியே மறுபடி சிஎஸ்வியாகச் சேமித்திருக்கலாம். அப்போது உங்கள் பக்கம் என்ன செய்தாலும் பிரயோஜனமில்லை, மூலக் கோப்பைக் கேட்டு வாங்க வேண்டும். இதைப் பார்க்க அரை நிமிடம் ஆகாது. ஆனால் ஃபார்முலாவைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருந்தால் இந்தப் பேச்சே எழாது.

கோப்பு நன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெற்று எக்செல் கோப்பு ஒன்றைத் திறந்து Data → Get Data → From File → From Text/CSV போங்கள். முன்னோட்டம் வரும். அங்கேயே பூஜ்யங்கள் போயிருப்பது தெரியலாம், பயப்பட வேண்டாம். Load-ஐ அழுத்தாமல் Transform Data-வை அழுத்துங்கள். திறக்கும் சாளரத்தில் வாடிக்கையாளர் எண் நெடுவரிசையின் தலைப்பில் இருக்கும் சிறு குறியைச் சொடுக்கி Text என்று தேர்ந்தெடுங்கள். உடனே ஒரு கேள்வி கேட்கும்: Replace current-ஆ, Add new step-ஆ?

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். எக்செல் தானாகவே Changed Type என்று ஒரு படியைப் போட்டு, நெடுவரிசையை ஏற்கெனவே எண்ணாக்கி வைத்திருக்கிறது. Add new step என்று கொடுத்தால் "எண்ணாக்கு, பிறகு எழுத்தாக்கு" என்று ஆகும், 734 என்ற எண் 734 என்ற எழுத்தாக வரும், அவ்வளவுதான். Replace current கொடுத்தால் எண்ணாக்கும் படியே நீங்கி, 00734 கண் முன்னால் திரும்பி வரும். நீங்கள் கேட்ட ஃபார்முலாவும் ஒரு Add new step-தான், கெட்டுப்போனதற்குப் பின்னால் ஒட்டுகிற படி.

இரண்டாவது பட்டியலையும் இதே மாதிரி உள்ளே கொண்டுவாருங்கள், அதிலும் அந்த நெடுவரிசை Text-ஆக இருக்கட்டும். அப்புறம் VLOOKUP-பே தேவைப்படாது. அதே சாளரத்தின் Home-இல் Merge Queries என்று இருக்கும். இரண்டு பட்டியல்களையும் காட்டி, இரண்டிலும் எண் நெடுவரிசையைச் சொடுக்கினால், கீழே Join Kind என்று கேட்கும். Left Outer என்றால் முதல் பட்டியல் முழுவதும் வரும், இரண்டாவதில் பொருந்துவது பக்கத்தில் வரும். Left Anti என்றால் முதல் பட்டியலில் இருந்து இரண்டாவதில் இல்லாதவர்கள் மட்டும் வருவார்கள். உங்களுக்கு வேண்டியது "யாரெல்லாம் விட்டுப்போனார்கள்" என்றால் அதுவே விடை, #N/A-க்களை வடிகட்டி எடுக்கும் வேலை மிச்சம். முடிந்ததும் Close & Load. அடுத்த முறை புதுக் கோப்பு வந்தால் அதே பெயரில் அதே இடத்தில் வைத்து Refresh செய்தால் போதும்.

ஒரு சின்ன எச்சரிக்கை. குறியீட்டில் ஆங்கில எழுத்துகளும் இருந்தால் Merge பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்று வேறுபாடு பார்க்கும், VLOOKUP பார்க்காது. ab12-உம் AB12-உம் பொருந்தவில்லையே என்று திகைக்க வேண்டாம்.

புதிய எக்செல் பதிப்பு உங்களிடம் இருந்தால் File → Options → Data பக்கத்தில் Automatic Data Conversion என்ற பகுதி இருக்கும். முன் பூஜ்யங்களை நீக்குவது, நீண்ட எண்களை 15 இலக்கத்தோடு வெட்டுவது, E உள்ள குறியீடுகளை எண்ணாக்குவது எல்லாவற்றையும் அங்கேயே நிறுத்திவைக்கலாம். ஆனால் அது உங்கள் கணினிக்கு மட்டும்தான். அதே கோப்பை வேறொருவர் திறந்து சேமித்தால் பழைய கதைதான்.

இந்தத் தொல்லை உங்களுக்கு மட்டும் நேர்வதில்லை. மரபணு ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் இதே எக்செலோடு மல்லுக்கட்டினார்கள். SEPT1, MARCH1 என்றெல்லாம் மரபணுக்களுக்குப் பெயர் உண்டு, எக்செல் அவற்றைச் செப்டம்பர் 1, மார்ச் 1 என்று தேதியாக்கிவிடும். மரபணுப் பட்டியலை எக்செல் கோப்பாக இணைத்து வெளியான ஆய்வுக் கட்டுரைகளில் சுமார் ஐந்தில் ஒன்றில் இப்படிப் பிழை இருப்பதாக 2016-இல் ஓர் ஆய்வு காட்டியது. எத்தனையோ பேர் தேதியைத் திருப்பிப் பெயராக்கும் வழிகளை எழுதியிருந்தார்கள். கடைசியில் பெயர்களைத் தீர்மானிக்கும் குழு பெயர்களையே மாற்றிவிட்டது: SEPT1 இப்போது SEPTIN1, MARCH1 இப்போது MARCHF1. எக்செலுக்குப் பயந்து மரபணுப் பெயரையா மாற்றுவது என்று சிலருக்குச் சிரிப்பு வந்தது. அவர்களுக்கு வேண்டியது பட்டியல் கெடாமல் கைமாறுவது, அது நடந்தது.

இப்போது உங்கள் பக்கத்து நியாயம். சில சமயம் ஒய்தான் உண்மையான கேள்வி. மூலக் கோப்பு இல்லை, அனுப்பியவரும் கைக்கு எட்டவில்லை, கையில் இருப்பது கெட்டுப்போன பட்டியல் மட்டும், எண்கள் எல்லாம் ஐந்து இலக்கம்தான் என்று உறுதியாகத் தெரியும். அப்போது மேலே தந்த ஃபார்முலாவே சரியான மருந்து. அதைத் தராமல் "ஏன் இப்படிச் செய்கிறீர்கள்" என்று உபதேசம் பண்ணுவது எனக்கும் எரிச்சல்தான். ஆனால் இந்த விவரம் கேள்வியிலேயே இருந்தால் யாரும் உபதேசம் செய்ய மாட்டார்கள். உங்கள் கேள்வியை நான் இப்படி எழுதியிருப்பேன்:

"இரண்டு வாடிக்கையாளர் பட்டியல்களை ஒப்பிட்டு, முதல் பட்டியலில் இருக்கிற, ஆனால் இரண்டாவதில் இல்லாதவர்களைக் கண்டுபிடிக்க வேண்டும். முதல் பட்டியல் சிஎஸ்வி, நோட்பேடில் 00734 என்று சரியாக இருக்கிறது. எக்செலில் இரட்டைச் சொடுக்கில் திறந்தால் 734 ஆகிறது, VLOOKUP #N/A தருகிறது. TEXT ஃபார்முலாவால் பூஜ்யம் சேர்க்கலாம் என்று நினைத்தேன், ஆனால் சில எண்கள் நான்கு இலக்கம், சில ஐந்து."

கடைசி வரியைப் பாருங்கள். நீங்கள் நினைத்த வழியும் அதில் இருக்கிறது, அது ஏன் இடிக்கிறது என்பதும் இருக்கிறது. இதைப் படிப்பவர் நேரே From Text/CSV என்று ஆரம்பிப்பார். மூலக் கோப்பு கிடைக்காது என்றால் அதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள், பதில் ஃபார்முலாவாகவே வரும்.

உங்கள் எண்கள் எல்லாம் ஒரே நீளம்தானா, நோட்பேடில் பூஜ்யம் இருக்கிறதா? இரண்டையும் கீழே கருத்தில் எழுதுங்கள். நோட்பேடிலும் 734 என்றே இருந்தால் Merge வரை போக வேண்டாம், முதலில் அனுப்பியவரிடம் எக்செலில் திறக்காத கோப்பைக் கேளுங்கள்.